பதில் நோட்டீஸ அனுப்புறதுக்கு முன்னாடி ஒருதடவ எதிராளி கண்ணால படிங்க

வக்கீல் நோட்டீஸ் வந்தா பாதி பேர் பயந்து போறாங்க, மீதி பேர் கோபத்துல குதிக்கிறாங்க. ரெண்டு பேருமே கடைசில ஒரே தப்பத்தான் பண்றாங்க. பதில் நோட்டீஸ் டிராஃப்ட் வாட்ஸ்அப்ல வந்ததும் மேலோட்டமா ஒரு ஓட்டு ஓட்டிட்டு "ஓகே சார் அனுப்பிடுங்க"ன்னு போட்ருவாங்க. அந்த நாலு பக்க பேப்பர் ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்ல கூண்டுல நிக்கறப்ப நம்ம கைக்கே திரும்பி வரும், "இது நீங்க அனுப்புன பதில்தானே, படிச்சுப் பாத்துட்டு சொல்லுங்க"ன்னு எதிர்தரப்பு வக்கீல் நீட்டுவாரு. அப்பதான் முதல் தடவையா முழுசா படிக்கறவங்கள நானே நிறைய பாத்திருக்கேன். ஒரு தாலுகா கோர்ட்ல பிராக்டிஸ் பண்றேன், அதிகமா செக் கேஸ்தான்.

அதனால ஒரு செக் பவுன்ஸ் நோட்டீஸையே எடுத்துக்கறேன். ரெண்டு மூணு கேஸ கலந்து, தொகை தேதியெல்லாம் மாத்தி எழுதறேன், ஆனா டிராஃப்ட்ல இருந்த கோளாறு அத்தனையும் நிஜம்.

மளிகைக்கடை வச்சிருக்கற ஒருத்தர். அதே கடைவீதியில ஹார்ட்வேர் கடை வச்சிருக்கறவர்கிட்ட இருந்து நோட்டீஸ் வருது. சுருக்கமா சொன்னா இதான் அதுல இருந்துச்சு. பாரா 1, ரெண்டு பேரும் எட்டு வருஷப் பழக்கம். பாரா 2, 10.3.2023 அன்னிக்கு மகள் கல்யாணச் செலவுக்குன்னு ஹார்ட்வேர் கடையில வச்சு 4 லட்சம் ரொக்கமா கைமாத்தா வாங்கினாரு, நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி, ஒரு வருஷத்துல திருப்பித் தர்றதா பேச்சு. பாரா 3, 14.12.2023ல ஜிபேல 50,000 போட்டாரு, அது வட்டிக்கு சரியாப்போச்சு. பாரா 4, அசலுக்காக 5.8.2024 தேதி போட்டு 4 லட்சத்துக்கு செக் எழுதி கையெழுத்துப் போட்டு நேர்ல குடுத்தாரு. பாரா 5, பேங்க்ல போட்டா 8.8.2024 அன்னிக்கு பணமில்லன்னு மெமோவோட திரும்பிடுச்சு. பாரா 6, போன் பண்ணி சொன்னதுக்கு டைம் கேட்டாரு. பாரா 7, 15 நாளுக்குள்ள 4 லட்சத்தைக் குடுக்கணும், இல்லன்னா செக் பவுன்ஸுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138வது பிரிவுல கேஸ்.

ஒரு விஷயம் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இதுல அவசரப்பட்டுத்தான் மோசமான டிராஃப்ட் போகுது. அந்த 15 நாள் பணம் கட்டறதுக்கான கெடு, நோட்டீஸ் நம்ம கைக்கு வந்ததுலேர்ந்து எண்ணணும். பதில் போடறதுக்குன்னு சட்டத்துல தனியா கெடு எதுவும் இல்ல. நம்மாளு கைக்கு நோட்டீஸ் கெடச்சது 29.8.2024, அப்ப செப்டம்பர் 13 வரைக்கும் பணம் கட்ட டைம், அதுக்கப்புறம்தான் அவங்களுக்கு கேஸ் போடற உரிமையே வரும், அதையும் ஒரு மாசத்துக்குள்ள போடணும். அந்த 15 நாளுக்குள்ளயே பதிலும் போறது நல்லதுதான், ஆனா ரெண்டு நாள் உக்காந்து டிராஃப்ட்ட சரிபாக்க நேரம் இருக்குங்கறத மறந்துடாதீங்க.

அதுக்காக "நோட்டீஸ்தானே, பதிலே போட வேணாம்"னு விடறதும் ஆபத்து. 2010ல ரங்கப்பா எதிர் மோகன் கேஸ்ல, நோட்டீஸுக்கு பதிலே போடாம இருந்தத வச்சே புகார்தாரர் சொல்றதுல உண்மை இருக்குன்னு ஊகிக்க இடமிருக்குன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. செக் கேஸ்ல இது ரொம்ப கனமான விஷயம், ஏன்னா கையெழுத்து நம்மளுதுன்னு ஆயிடுச்சுன்னா அந்த செக் கடனுக்காகத்தான் குடுக்கப்பட்டுச்சுன்னு சட்டமே ஊகிச்சுக்கும், இல்லன்னு காட்டற பொறுப்பு நம்ம தலைல. அப்ப நம்ம கதைய முதல்ல பதிவு பண்ற இடம் இந்த பதில் நோட்டீஸ்தான், கோர்ட்ல போய் புதுசா ஒரு கதை சொன்னா "இத ஏன் அப்பவே சொல்லல"ன்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு பதில் இருக்காது.

சரி, டிராஃப்ட்டுக்கு வருவோம். மளிகைக்காரர் வேற ஒரு வக்கீல்கிட்ட எழுதி வாங்கின டிராஃப்ட்ட எடுத்துட்டு எங்கிட்ட வந்தாரு, "ஸ்ட்ராங்கா இருக்கு சார், ஒருதடவ நீங்களும் பாத்துடுங்க"ன்னாரு. ஸ்ட்ராங்காத்தான் இருந்துச்சு. டிராஃப்ட் இங்கிலீஷ்ல, அவருக்கு அதுல பாதி புரியல, புரியாத பேப்பர்ல கையெழுத்துப் போடத் தயாரா இருந்தாரு. உங்க டிராஃப்ட் இங்கிலீஷ்ல இருந்தா வரிக்கு வரி தமிழ்ல சொல்லச் சொல்லி வக்கீல்கிட்ட கேளுங்க, வெக்கமே படாதீங்க, அதுல சொல்லியிருக்கறது நீங்க சொன்னதா கணக்குல வரப்போகுது.

நான் செய்யறது இதான். ஒரு வெள்ளப்பேப்பர்ல நடுவுல கோடு போட்டு, இடது பக்கம் நோட்டீஸ்ல இருக்கற குற்றச்சாட்ட எழுதுவேன், வலது பக்கம் அதுக்கு பதில்ல என்ன சொல்லியிருக்குன்னு எழுதுவேன். பாரா வாரியா எழுதினா பத்தாது, இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க, ஒரு பாராக்குள்ள நாலஞ்சு குற்றச்சாட்டு ஒளிஞ்சிருக்கும். பாரா 2ஐயே பாருங்க. கடன் வாங்கினது ஒண்ணு, தொகை 4 லட்சம்ங்கறது ஒண்ணு, ரொக்கம்ங்கறது ஒண்ணு, தேதியும் இடமும் ஒண்ணு, வட்டி ரெண்டு ரூபாங்கறது ஒண்ணு, ஒரு வருஷக் கெடு ஒண்ணு. ஆறு இருக்கு. டிராஃப்ட்ல இதுக்கெல்லாம் சேத்து ஒரே வரி, "10.3.2023 அன்று தங்கள் கட்சிக்காரரின் கடையில் வைத்து ரூ.4,00,000 பெற்றதாகக் கூறுவது உண்மையல்ல."

மேலாக்க பாத்தா மறுப்பு மாதிரி இருக்கும். எதிராளி கண்ணால படிங்க. அன்னிக்கு வாங்கலயா, மறுநாள் வாங்கினீங்களா? அந்தக் கடையில வாங்கலயா, வீட்ல வச்சு வாங்கினீங்களா? 4 லட்சம் இல்லயா, அப்ப 3 லட்சத்து 90 ஆயிரமா? அந்த வரி இதுல எதையுமே மறுக்கல. சிவில் வழக்குல எதிர்வாதம் தாக்கல் பண்றதுக்கு இதுக்குன்னே விதி இருக்கு, ஒரு தொகை வாங்கினீங்கன்னு எதிர்தரப்பு சொன்னா "அந்தத் தொகை வாங்கல"ன்னு மட்டும் மறுத்தா போதாது, அதுல எந்தப் பகுதியும் வாங்கலன்னு சொல்லணும், இல்ல எவ்வளவு வாங்கினேன்னு சொல்லணும். நோட்டீஸுக்கு போடற பதில் வழக்கு மனு இல்ல, அந்த விதி நேரா இங்க பாயாது, ஆனா ஜட்ஜ் படிக்கறப்ப அவர் கண்ணு அதே பழக்கத்துலதான் படிக்கும்.

இன்னொரு வழக்கமான வரி கடைசில வரும், "மேலே குறிப்பாக ஒப்புக்கொள்ளப்படாத அனைத்தும் மறுக்கப்படுகின்றன." இது எல்லா டிராஃப்ட்லயும் இருக்கும், நானும் போடுவேன், பாதுகாப்புக்கு. ஆனா அத நம்பி பாராக்கள விட்டுட்டுப் போறது ஓட்டைக்குடைய நம்பி மழைல போற மாதிரி.

இப்ப வலது பக்கத்த நிரப்பிட்டே வந்தேன். பாரா 1க்கு பதில் இருக்கு, பாரா 2க்கு அரைகுறையா இருக்கு, பாரா 4, 5க்கு இருக்கு. பாரா 3க்கு நேரா வலது பக்கம் காலி. டிராஃப்ட்ட திருப்பித் திருப்பி பாத்தேன், 2லேர்ந்து 4க்கு தாவிடுச்சு. ஜிபே 50,000 பத்தி ஒரு வார்த்தை இல்ல. பாரா 6ல போன் பண்ணி டைம் கேட்டதா சொன்னதுக்கும் பதில் இல்ல.

அனுபவத்துல சொல்றேன், டிராஃப்ட்ல ஒரு பாரா விட்டுப்போச்சுன்னா அது டைப்பிங் மறதியா இருக்கறது ரொம்ப குறைவு. அந்த பாராவுக்கு பதில் எழுதினா வேற எங்கயோ சொன்ன கதை உடையும், அதான் கை தானா தாவிப் போகுது. அதனால காலியா இருக்கற இடத்த கண்டுபிடிச்ச உடனே அத நிரப்ப உக்காராதீங்க, மொதல்ல "இதுக்கு பதில் சொன்னா எந்த வரி பொய்யாகும்"னு தேடுங்க.

தேடினேன். டிராஃப்ட்டோட பாரா 2ல "எமது கட்சிக்காரருக்கும் தங்கள் கட்சிக்காரருக்கும் எவ்வித பணப்பரிவர்த்தனையும் எக்காலத்திலும் இருந்ததில்லை"ன்னு இருக்கு. பரிவர்த்தனையே இல்லன்னா 50,000 எதுக்குப் போச்சு? பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேதியோட நிக்குது, அத மறுக்கவும் முடியாது. அதான் பாரா 3 காணாமப் போச்சு.

அதோட நிக்கல. பாரா 4ல "2021ல் வாங்கிய சிறு தொகைக்கு செக்யூரிட்டியாக கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை கொடுக்கப்பட்டது, அத்தொகை முழுதும் திருப்பிச் செலுத்தப்பட்டுவிட்டது"ன்னு இருக்கு. ரெண்டு பாரா முன்னாடிதான் எக்காலத்திலும் பரிவர்த்தனை இல்லன்னோம். அப்புறம் பாரா 5ல "மேற்படி காசோலை கடையிலிருந்து காணாமல் போனது, அதைத் தங்கள் கட்சிக்காரர் சட்டவிரோதமாகக் கைப்பற்றி"ன்னு வருது. நாமளே குடுத்த செக் நம்ம கடையிலேர்ந்து எப்படி காணாமப் போகும்? இதுக்கு மேல ஒரு வரி, "காசோலையில் உள்ள கையெழுத்து எமது கட்சிக்காரருடையதல்ல." மெமோவ எடுத்துப் பாத்தேன், பேங்க் திருப்பின காரணம் பணமில்லங்கறதுதான், கையெழுத்து வித்தியாசம்னு போடல. கையெழுத்து பொய்ன்னு நிக்கணும்னா பேங்க்ல இருக்கற மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்பாக்க அவங்களே கேப்பாங்க, அங்க முடிஞ்சுது.

நாலு பக்கத்துல நாலு கதை. எழுதின வக்கீல தப்பு சொல்ல மாட்டேன். கட்சிக்காரர் மூணு நாள்ல மூணு விதமா போன்ல சொல்லியிருக்காரு, அவர் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சேத்துட்டாரு, ஏதாச்சும் ஒண்ணு நிக்கும்னு.

"மாற்று வாதம் வைக்கலாமே"ன்னு சட்டம் தெரிஞ்சவங்க கேப்பாங்க. வைக்கலாம். கடனே இல்ல, அப்படியே இருந்தாலும் காலக்கெடு தாண்டிடுச்சு, இது மாற்று வாதம், சட்டத்த வச்சு வைக்கறது. ஆனா நம்ம கையால நடந்த விஷயத்துல மாத்தி மாத்தி சொல்ல முடியாது. செக்க நீங்க குடுத்தீங்களா தொலைச்சீங்களாங்கறது உங்களுக்குத் தெரியும், ரெண்டும் சேந்து நடந்திருக்காது. டிராஃப்ட்ல முரண்பாட பிடிக்க எளிய வழி இருக்கு, அதுல சொல்லியிருக்கற சம்பவங்கள மட்டும் தேதி வரிசையில எழுதுங்க, சட்ட வார்த்தையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு. நான் எழுதினது: "2021ல கடன் வாங்கினேன். செக் குடுத்தேன். கடன் அடைச்சேன். எப்பவும் கடன் வாங்கல. செக் தொலஞ்சுது. செக்ல இருக்கறது என் கையெழுத்து இல்ல." அவர்கிட்ட படிச்சுக் காட்டினேன். சிரிச்சுட்டாரு, அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

கதவ சாத்திட்டு "நடந்தத சொல்லுங்க, போன குடுங்க"ன்னேன். நடந்தது என்னன்னா 4 லட்சம் வாங்கினது நிஜம். அன்னிக்கே கையெழுத்துப் போட்ட வெத்து செக் ஒண்ணு குடுத்தாரு, தேதி தொகை எதுவும் எழுதல. வட்டி ரெண்டு ரூபா இல்ல, மூணு ரூபா, மாசம் 12,000 ரொக்கமா குடுத்துட்டு வந்தாரு, ஒரு டைரில குறிச்சு வச்சிருக்காரு. 14.12.2023ல ஜிபேல போட்ட 50,000 அசலுக்கு. ஜிபேய திறந்து அந்த பரிவர்த்தனைய காட்டச் சொன்னேன், கீழ நோட்ல அவரே டைப் பண்ணியிருக்காரு, "அசல்ல 50". அது அங்க இருக்கறதையே அவர் மறந்துட்டாரு. வாட்ஸ்அப்ல 9.8.2024 அன்னிக்கு ஹார்ட்வேர்காரருக்கு இவர் அனுப்பினது, "அண்ணே கொஞ்சம் பொறுங்க, ஆவணி முடியட்டும், பாதியாச்சும் குடுத்துர்றேன்." அதான் பாரா 6.

இப்ப பாருங்க, டிராஃப்ட் எதத் தாண்டி ஓடிச்சோ அந்த பாரா 3லதான் இவருக்கு இருக்கற ஒரே நல்ல பாயின்ட் இருக்கு. 2022ல தஷ்ரத்பாய் படேல் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா, செக் குடுத்ததுக்கு அப்புறம், பேங்க்ல போடறதுக்கு முன்னாடி, கடன்ல ஒரு பகுதிய அடைச்சுட்டா, போடற அன்னிக்கு நிஜமா பாக்கி இருக்கற கடன் செக்ல எழுதின தொகை இல்ல. அடைச்சத செக்லயே குறிச்சு பாக்கிக்கு மட்டும்தான் போட முடியும், முழுத் தொகைக்கு அப்படியே போட்டு பவுன்ஸ் ஆனா 138 குற்றம் ஆகாது. நம்மாளு கேஸ்ல 2023 மார்ச்சுல செக் கை மாறிடுச்சு, டிசம்பர்ல அசல்ல 50,000 போயாச்சு, 2024 ஆகஸ்ட்ல முழு 4 லட்சத்துக்கு எழுதிப் போட்டுட்டாங்க. அந்த 50,000 அசலா வட்டியாங்கறதுலதான் சண்டையே. நோட்டீஸ் அனுப்புன வக்கீல் விவரமானவர், அதனாலதான் பாரா 3ல "வட்டிக்கு சரியாப்போச்சு"ன்னு நைசா ஒரு வரி சொருகியிருக்காரு. அதுக்கு பதில் சொல்லாம விட்டா, வட்டின்னு ஒத்துக்கிட்ட மாதிரி வாதாட அவருக்கு வழி விட்டாச்சு.

வெத்து செக்ங்கறது மட்டும் காப்பாத்தாதுங்கறதயும் சொல்லிடறேன், நிறைய பேர் அத பெரிய ஆயுதம்னு நெனைக்கறாங்க. 2019ல பீர் சிங் கேஸ்ல, தானா விரும்பிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த வெத்து செக்கா இருந்தாலும் சட்ட ஊகம் பொருந்தும்னு சொல்லியாச்சு. அதே மாதிரி "அவர்கிட்ட 4 லட்சம் ஏது"ங்கற கேள்வி, அது நிஜமான சந்தேகமா இருக்கற கேஸ்ல பதில் நோட்டீஸ்லயே எழுப்பிடணும், அங்க எழுப்பலன்னா புகார்தாரர் ஆரம்பத்துலயே தன் வசதிய நிரூபிக்கணும்னு எதிர்பாக்க முடியாதுன்னு 2022ல தேதி சிங் கேஸ்ல வந்திருக்கு. இவர் கேஸ்ல பணம் கை மாறினது நிஜம், அதனால அந்தக் கேள்விய நான் தொடல.

இப்ப கடைசிப் பக்கம். அவர் ஸ்ட்ராங்குன்னு சொன்னது இதத்தான். "இந்நோட்டீஸை 7 நாட்களுக்குள் வாபஸ் பெறத் தவறினால் தங்கள் கட்சிக்காரர் மீது கந்துவட்டிச் சட்டத்தில் போலீசில் புகார் அளித்தும், வருமான வரித்துறைக்குத் தெரியப்படுத்தியும், கடைவீதியில் அவரது உண்மை முகத்தை அம்பலப்படுத்தியும், அவர் கடுமையான விளைவுகளைச் சந்திக்க நேரிடும்." கீழ நகல்னு போட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர்.

ஒவ்வொண்ணா உரிச்சுப் பாக்கலாம். கந்துவட்டி. தமிழ்நாட்ல 2003லேர்ந்து அதிக வட்டித் தடைச் சட்டம் இருக்கு, நிஜமாவே கொடுமையா வட்டி வாங்கியிருந்தா புகார் குடுக்கறது இவர் உரிமை. ஆனா கந்துவட்டி வாங்கினான்னு சொல்ற நிமிஷமே கடன் வாங்கினேன்னு சொன்னதா ஆகுது, இரண்டாவது பாரால பரிவர்த்தனையே இல்லன்னு சொன்ன ஆள் நாலாவது பக்கத்துல வட்டி குடுத்தேங்கறாரு. டைரில இருக்கற மாசம் 12,000 பத்தி டிராஃப்ட்ல ஒரு சொல் இல்ல. நாளைக்கு நிஜமாவே புகார் குடுத்தா கூட "வட்டிக்கணக்க அப்ப சொல்லல, கேஸ் போடாம இருக்கறதுக்கு மிரட்ட மட்டும் இத சொன்னான்"னு இதே பேப்பர காட்டுவாங்க.

வருமான வரி. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச மிரட்டல், ஏன்னா கிட்டத்தட்ட எல்லா டிராஃப்ட்லயும் வருது, யாரும் சட்டத்தப் படிக்கறதில்ல. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடன ரொக்கமா வாங்கக்கூடாதுன்னு இந்தக் கடனுக்குப் பொருந்தற 1961 வருமான வரிச் சட்டத்துல 269எஸ்எஸ் பிரிவு இருக்கு. தடை யாருக்கு? வாங்கறவனுக்கு. அபராதம் யாருக்கு? அதே வாங்கறவனுக்கு, வாங்கின தொகை அளவுக்கே. இவர் போய் "4 லட்சம் ரொக்கமா குடுத்தாரு"ன்னு தகவல் குடுத்தா மொதல்ல இவரத்தான் கூப்பிடுவாங்க. ரொக்கக் கடன்ங்கறதால கடனே செல்லாதுன்னு வாதாடலாம்னு இருந்த நப்பாசையும் 2025ல சஞ்சாபிஜ் தாரி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சிடுச்சு, அந்தப் பிரிவ மீறினதால கடன் வசூலிக்க முடியாததா ஆயிடாதுன்னு.

கடைவீதியில அம்பலப்படுத்தறது, கடுமையான விளைவுகள். பாரதிய நியாய சன்ஹிதா 351ல குற்றமுறு மிரட்டல்னா என்னன்னு பாருங்க, ஒருத்தரோட உடம்புக்கோ சொத்துக்கோ பேருக்கோ கெடுதல் பண்ணுவேன்னு பயமுறுத்தி, அவர் சட்டப்படி செய்ய உரிமையுள்ள ஒரு காரியத்த செய்ய விடாம பண்ணப் பாக்கறதும் அதுல வரும். கேஸ் போடறது அவரோட உரிமை, அத வாபஸ் வாங்குன்னு சொல்லி பேரக் கெடுப்பேங்கறோம், அதுவும் எழுத்துல, வக்கீல் லெட்டர்ஹெட்ல. புகாருக்கு வேற சாட்சியே வேணாம். "சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்"னு சொல்றது மிரட்டல் இல்ல, அத தாராளமா சொல்லலாம். வித்தியாசம் ரொம்ப எளிது, உங்களுக்கு சட்டம் குடுத்த வழிய சொன்னா அறிவிப்பு, சட்டத்துக்கு வெளிய இருக்கற எதையாச்சும் சொன்னா மிரட்டல், புகார் குடுக்கற உரிமைய "வாபஸ் வாங்கினா விட்டுடறேன்"னு பேரம் பேசினா நடுவுல இருக்கற வழுக்குப்பாறை.

சங்கத் தலைவருக்கு நகல். அவருக்கும் இந்த வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. திருடன், மோசடிக்காரன்னு எழுதின காகிதத்த மூணாம் மனுஷனுக்கு அனுப்பினா அவதூறுக்கு நாமளே கதவத் திறந்து வைக்கறோம். பதில் போக வேண்டியது நோட்டீஸ் அனுப்புன வக்கீலுக்கு, அவ்வளவுதான்.

மறுபடியும் எழுதினோம். நாலு பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆச்சு. பாரா 1, பழக்கம் உண்மை. பாரா 2, 4 லட்சம் வாங்கினது உண்மை, வட்டி ரெண்டு ரூபாங்கறது தப்பு, மாசம் 12,000 தொடர்ந்து குடுத்துட்டு வந்தாரு, ரொக்கமா குடுத்த விவரம் கையில இருக்கு. பாரா 3, 50,000 போட்டது உண்மை, வட்டிக்குன்னு சொல்றது மறுக்கப்படுது, அசலுக்குன்னு பணம் அனுப்பறப்பவே குறிக்கப்பட்டிருக்கு. பாரா 4, கையெழுத்து இவருடையது, ஆனா 5.8.2024ல எழுதிக் குடுக்கல, 10.3.2023ல வெத்தா குடுத்தது, தேதியும் தொகையும் பின்னால நிரப்பப்பட்டது. பாரா 5, மெமோ விவரம் மறுக்கப்படல, ஆனா செக் போட்ட அன்னிக்கு அசல் பாக்கி 4 லட்சம் இல்ல. பாரா 6, டைம் கேட்டது உண்மை, "பாதி"ன்னு சொன்னதுக்கு முழுத் தொகைய ஒத்துக்கிட்டதா அர்த்தம் இல்ல. கடைசில 3.5 லட்சம் அசல் பாக்கிய தவணைல தீர்க்கத் தயார், குடுத்த வட்டிக்கணக்கையும் வச்சுப் பேசலாம், கேஸ் போட்டா சட்டப்படி எதிர்கொள்வோம்னு ரெண்டு வரி.

"இதுல பாதிய நாமளே ஒத்துக்கறோமே சார்"னு அவருக்கு மனசே ஆறல. நியாயமான பயம்தான், கையெழுத்த ஒத்துக்கிட்டா சட்ட ஊகம் வந்துடும்னு நானே சொன்னேன். ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்டும் வாட்ஸ்அப்பும் இருக்கறப்ப அந்த ஊகம் எப்படியும் வரத்தான் போகுது, ஒத்துக்காம இருந்தா ஊகத்தோட சேத்து பொய்யன்ங்கற பேரும் வரும், அப்புறம் "அசல்ல 50"ங்கற ஒரே உண்மையவும் நம்ப ஆளிருக்காது. இது குற்ற வழக்குலதான் உதவும், பாக்கி 3.5 லட்சத்துக்கு சிவில் கேஸ் போடறத இது தடுக்காதுங்கறதயும் சொல்லித்தான் குடுத்தேன்.

அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அவர் சம்சாரத்துகிட்ட படிச்சுக் காட்டச் சொன்னேன், நோட்டீஸையும் கூட வச்சு. குறுக்கு விசாரணைக்கு அத விட நல்ல ஆள் கிடையாது. மறுநாள் காலையில ஒன்பது மணிக்கெல்லாம் வந்துட்டாரு, முகம் தொங்கிப் போயிருந்துச்சு. அந்தம்மா டைரிய எடுத்து வட்டிக்கணக்க எண்ணிப் பாத்திருக்காங்க, 2024 பிப்ரவரிக்கு அப்புறம் ஒரு மாசம் கூட குறிக்கல. "தொடர்ந்து குடுத்துட்டு வந்தேன்னு எழுதியிருக்கீங்களே, மார்ச்லேர்ந்து எங்க குடுத்தீங்க?"ன்னு கேட்டிருக்காங்க. குடுக்கலயாம். டிராஃப்ட்ட வாங்கி "தொடர்ந்து"ங்கற வார்த்தைய அடிச்சுட்டு "பிப்ரவரி 2024 வரை"ன்னு எழுதி, அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போட வச்சேன்.